பறித்த நேரம் எழுதிவரும் காய்கறிப் பெட்டி

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர் பக்கத்து வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், எங்கள் தோட்டத்துக் காய்கறியைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து தருகிறோம். தோட்டம் மானூர் பக்கம், கிணற்றுப் பாசனம். ஒரு பெட்டி 240 ரூபாய். வாசல் வரை கொண்டுவரும் செலவும் அதிலேயே அடக்கம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று நாள் தாராளமாக வரும்.

காய்கறி விற்கிற எல்லோரும் இன்று பறித்தது என்றுதான் சொல்கிறார்கள். வாங்குகிறவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. அதனால் எங்கள் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஒவ்வொரு காயும் என்று, எத்தனை மணிக்குப் பறித்தது என்று அதில் எழுதியிருப்போம். பெட்டியில் உள்ள எல்லாமே அன்று காலையில் பறித்ததாக இருக்காது. அப்படி இருக்கவும் தேவையில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செடியிலிருந்து பிரித்த பிறகும் காயும் கீரையும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே, இலை வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு மடங்கு, சில காய்களில் மூன்று மடங்கு வேகமாகும். சித்திரை வெயிலில் மதியம் பறித்து வண்டியில் குவித்த வெண்டைக்காயும், விடியலில் பறித்து நிழலில் வைத்த வெண்டைக்காயும் ஒரே நாளில் பறித்தவைதான். ஆனால் சாயங்காலம் ஒடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதோடு, அந்த நேரம் எந்தச் சூட்டில் கழிந்தது என்பதும் முக்கியம்.

தண்ணீரை வேகமாக இழப்பது கீரை. அடுத்தது வெண்டை, அப்புறம் சீனிஅவரை, கத்தரி. புடலை, முருங்கை, தக்காளி எல்லாம் ஒரு ராத்திரியைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆகவே செவ்வாய்க்கிழமைப் பெட்டிக்குத் தக்காளி, புடலை, முருங்கை, மிளகாய் ஆகியவற்றைத் திங்கள் மாலை வெயில் தாழ்ந்த பிறகு பறித்து, ஓட்டுக் கொட்டகையில் பரப்பி வைப்போம். செவ்வாய் விடியலில் ஐந்து மணிக்கு வெண்டை, சீனிஅவரை, கத்தரி. கீரையைக் கடைசியில், ஆறரை மணிக்கு அறுத்து வாழையிலையில் சுற்றுவோம். ஏழரைக்கு வண்டி கிளம்பினால் எட்டரையிலிருந்து பத்தரைக்குள் எல்லா வீட்டுக்கும் வந்து சேரும்.

அப்படியானால் தினமும் கொண்டு வரலாமே என்று கேட்கலாம். வெண்டையை வைத்தே அதற்குப் பதில் சொல்லிவிடலாம். பூ விரிந்து ஐந்தாறு நாளில் வெண்டை பறிக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஒரு நாள் விட்டாலும் நார் பிடிக்க ஆரம்பிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர் அது. செவ்வாய், வியாழன், சனி சரியாக வரும். சனிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி நீளும். அதனால் ஞாயிறு மாலை கொஞ்சம் நீண்டிருக்கிற காயை எல்லாம் பறித்து மண்டிக்கு அனுப்பிவிடுவோம். வியாழக்கிழமைக் காயும் மண்டிக்குத்தான் போகும். பெட்டிக்கு இளசு மட்டும் வர வேண்டுமென்றால் இரண்டு நாளுக்கு மேல் எங்களால் முடியாது. எப்போதாவது வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்த்து, சடக்கென்று முறியாமல் வளைந்தால், அந்தக் காயை எடுத்து வையுங்கள். அடுத்த பெட்டியில் அந்த எடைக்கு வேறு காய் வைத்துத் தருவோம்.

கீரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெருமாள்புரத்தில் ஒரு அக்கா, "தம்பி, காலையில அறுத்ததுன்னு சீட்டு வச்சிருக்கீங்க, சாயங்காலமே துவண்டு போச்சே. கடையில வாங்குறது நிமிர்ந்து நிக்குதே" என்று கேட்டார்கள். கட்டைப் பிரித்து மேசையில், மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தார்கள். காற்று பட்டதும் இலை தண்ணீரை விட்டுவிட்டது. கடைக் கட்டு நிமிர்ந்து நின்றதற்குக் காரணம், அதன்மேல் அவ்வப்போது தெளிக்கிற தண்ணீர். தெளித்த தண்ணீர் கட்டின் நடுவே தங்கிவிடும். வெளியில் பச்சையாக இருக்கும்போதே உள்ளே இலை கொழகொழவென்று அழுகத் தொடங்கும். வாங்கும்போது கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் அது நேற்றைய கீரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த அக்காவிடம் தண்டின் அடியை விரல் அகலம் நறுக்கிவிட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். கீரை நிமிர்ந்துவிட்டது. தண்ணீர் குறைந்து துவண்டது இப்படித் திரும்பும். மஞ்சள் பூத்த இலை திரும்பாது, அது வயதாகிவிட்டது. மஞ்சள் இலை இருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம். துவளல் மட்டும் என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். தண்டுக்கீரைக்கும் சிறுகீரைக்கும் இது நன்றாகப் பலிக்கும். இலையாக உதிர்த்துவிட்ட முருங்கைக்கீரைக்குப் பலிக்காது.

கத்தரிக்காயில் எங்களால் உறுதி கொடுக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. காய்ப்புழு காய் பிஞ்சாக இருக்கும்போதே துளைத்து உள்ளே போய்விடும். போன துளையைத் தன் கழிவாலேயே அடைத்துவிடும், பிறகு அந்த இடம் ஆறியும் விடும். நீங்கள் வெளியில் பார்க்கிற பெரிய ஓட்டை, பெரும்பாலும் புழு வளர்ந்து வெளியேறிய வழி. ஓட்டை உள்ள காயைப் பொறுக்கி எறிந்துவிடலாம், ஓட்டையே இல்லாத காய்க்குள் இருக்கிற புழுவை யாராலும் பார்க்க முடியாது. வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறோம், வாடிய குருத்தைக் கிள்ளி அழிக்கிறோம், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறோம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ கொட்டை, இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டியது. இவ்வளவும் செய்து புழு குறையும், தீராது. அறுக்கும்போது புழு இருந்தால் அந்தக் காயின் எடையை அடுத்த பெட்டியில் சேர்த்துவிடுவோம். படம்கூட வேண்டாம், சொன்னால் போதும்.

இதைச் சொன்னதும், அப்படியானால் மருந்தே அடிப்பதில்லையா என்ற கேள்வி வரும். எங்களிடம் இயற்கை விவசாயச் சான்று இல்லை. இயற்கைக் காய்கறி என்று நாங்கள் விற்கவும் இல்லை. வேப்பங்கொட்டைக்கு அடங்காத நேரத்தில் பாத்தியைக் காப்பாற்ற ரசாயன மருந்து அடிக்க வேண்டி வரும். ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று உறையில் அச்சடித்திருப்பார்கள். அந்த நாள் முடிகிற வரை அந்தப் பாத்திக் காய் பெட்டிக்கும் வராது, மண்டிக்கும் போகாது. பறித்துக் குழியில் போடுவோம். அந்த வாரச் சீட்டில் கத்தரிக்குப் பதில் ஏன் பாகல் வந்தது என்று காரணமும் எழுதியிருக்கும். யாரிடம் காய் வாங்கினாலும், மருந்து அடிக்கிறீர்களா என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது அடித்தீர்கள், எத்தனை நாள் விட்டுப் பறித்தீர்கள் என்று கேளுங்கள். வயலைக் கவனிக்கிற ஆளால் அதற்கு உடனே பதில் சொல்ல முடியும்.

இப்போது விலை. ஒரு செவ்வாய்ப் பெட்டியில் தக்காளி ஒரு கிலோ, வெண்டை அரை கிலோ, கத்தரி அரை கிலோ, சீனிஅவரை கால் கிலோ, புடலை ஒன்று, முருங்கைக்காய் மூன்று, பச்சை மிளகாய் நூறு கிராம், கறிவேப்பிலை, ஒரு கட்டுக் கீரை இருக்கும். 240 ரூபாயில் பறிக்கவும் கட்டவும் ஆள்கூலி 50, வண்டிச் செலவு 40, அட்டைப்பெட்டிக்கும் இலைக்கும் 10 போய்விடும். மீதி 140 தோட்டத்துக்கு வரும். உரம், மின்மோட்டார் பராமரிப்பு, களையெடுப்பு எல்லாம் அதிலிருந்துதான். இதே காயை மண்டியில் போட்டால் ஏலத்தில் கிடைப்பதில் தரகும் இறக்குக் கூலியும் கழிந்து, பல நாள் இதில் பாதிதான் கைக்கு வருகிறது.

விலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவோம். இதில் உங்களுக்குப் பாதகமும் உண்டு. தக்காளி கிலோ பத்து ரூபாய்க்குக் கூவி விற்கிற வாரத்தில் எங்கள் பெட்டி கடையைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காலையில் நடந்து போக முடிகிறவர்களுக்கு அந்த வாரம் அதுவே லாபம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதுபோல ஒரு நிலை வந்தால் கணக்கு மாறும். அப்போதும் பெட்டி 240 ரூபாய்தான். ஆனால் தக்காளி ஒரு கிலோ வராது, அரை கிலோ வரும், மீதிக்கு வேறு காய் வரும். வெளியிலிருந்து தக்காளி வாங்கி எங்கள் தோட்டத்துக் காய் என்று வைக்க மாட்டோம்.

வீட்டில் வைக்கிற முறை தெரியாமல் நல்ல காய் கெடுவதையும் பார்க்கிறேன். பெட்டி வந்ததும் எல்லாவற்றையும் கழுவிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். வெண்டையும் கத்தரியும் கடுங்குளிர் தாங்காது. பின்சுவரை ஒட்டி வைத்தால் வெண்டையில் கருப்புக் குழி விழும், கத்தரியின் உட்சதை பழுப்பேறும். பருத்தித் துணியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்து, இரண்டு நாளில் சமைத்துவிடுங்கள். தக்காளி வெளியிலேயே இருக்கட்டும், குளிரில் அதன் மணம் போய்விடும். நிறம் திரும்பிய பதத்தில் பறித்துத் தருவதால் இரண்டு மூன்று நாளில் தானே சிவக்கும். பழுத்த தக்காளியைக் கீரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து வருகிற வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கீரையில் சேறு தெறிக்கும், கட்டுக்குள் அழுகும். அந்த வாரங்களில் கீரைக்குப் பதில் தடியங்காயோ சேனையோ வரும். தை பிறக்கிற நேரத்தில் சிறுகிழங்கு வைப்போம். விடாத மழையில் விடியலில் பறிக்க முடியாமல் போனால் முந்தின ராத்திரியே சொல்லிவிடுவோம், அன்றைக்குப் பெட்டி கிடையாது.

செவ்வாய்ப் பெட்டிக்குத் திங்கள் மதியம் இரண்டு மணிக்குள்ளும், சனிப் பெட்டிக்கு வெள்ளி மதியம் இரண்டு மணிக்குள்ளும் சொல்ல வேண்டும். மாலையில் எவ்வளவு பறிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். முன்பணம் வேண்டாம். பெட்டியைத் திறந்து, சீட்டைப் பார்த்து, காயை ஒடித்துப் பார்த்துவிட்டு அன்று மாலைக்குள் பணம் கொடுத்தால் போதும். காலி அட்டைப்பெட்டியை அடுத்த முறை திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வோம்.