ஒரே ஒரு பிழைக் கையொப்பம்: ஆர்எஸ்ஏ சாவி உடையும் விதம்

ஆர்எஸ்ஏ என்ற பொதுச் சாவி முறையில் டிஜிட்டல் கையொப்பமிடும் ஒரு சர்வர், ஆயிரமாயிரம் கையொப்பங்களைச் சரியாகப் போட்டுவிட்டு ஒரே ஒன்றில் மட்டும் ஒரு பிட் தவறினால் என்ன ஆகும்? அந்தக் கையொப்பம் செல்லாது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் சீன மீதித் தேற்றத்தைப் பயன்படுத்தி வேகமாகக் கணக்கிடும் சர்வராக இருந்தால், அந்தச் செல்லாத கையொப்பத்திலிருந்தே அதன் ரகசியப் பகா எண்ணை எடுத்துவிடலாம். பெரிய கணினி எதுவும் தேவையில்லை. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி போதும்.

முதலில் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கையொப்பம் என்பது செய்தி m-ஐ ரகசிய அடுக்கு d-க்கு உயர்த்தி, N-ஆல் வகுத்து எடுக்கும் மீதி. N என்பது p, q என்ற இரண்டு பகா எண்களின் பெருக்கல். N 2048 பிட் என்றால் p-யும் q-வும் தலா 1024 பிட். எல்லாவற்றையும் N-ஐக் கொண்டே கணக்கிடுவதற்குப் பதிலாக, p-க்கு ஒரு மீதி, q-க்கு ஒரு மீதி என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் சீன மீதித் தேற்றத்தின்படி இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். எண்ணின் நீளம் பாதியானால் ஒரு பெருக்கலின் வேலை கால்பங்காகிறது. அடுக்கின் நீளமும் பாதியாவதால் பெருக்கல்களின் எண்ணிக்கையும் பாதியாகிறது. ஆக ஒவ்வொரு பகுதிக்கும் எட்டில் ஒரு பங்கு வேலை, இரண்டுக்கும் சேர்த்து நாலில் ஒரு பங்கு. நாலு மடங்கு வேகத்தை யாரும் விடமாட்டார்கள். அதனால்தான் ஸ்மார்ட் கார்டு முதல் இணைய சர்வர் வரை இந்த வழியே வழக்கமாகிவிட்டது.

இப்போது சின்ன எண்களில் இதைச் செய்து பார்ப்போம். 1978-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்கொண்ட எண்களையே வைத்துக்கொள்ளலாம்: p = 47, q = 59, N = 2773, பொது அடுக்கு e = 17, ரகசிய அடுக்கு d = 157. கையொப்பமிட வேண்டிய செய்தி 948.

p பக்கத்தில் 948-இன் மீதி 8. அடுக்கும் சுருங்கும்: 157-ஐ p-யைவிட ஒன்று குறைவான 46-ஆல் வகுத்த மீதி 19. 8-ஐ 19-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 47-ஆல் வகுத்தால் மீதி 27. q பக்கத்தில் 948-இன் மீதி 4, அடுக்கு 41, விடை 35. 47-ஆல் வகுத்தால் 27-உம் 59-ஆல் வகுத்தால் 35-உம் மீதி தரும் எண், 2773-க்குள் ஒன்றே ஒன்றுதான் உண்டு: 920. அதுதான் சரியான கையொப்பம். 920-ஐ 17-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 2773-ஆல் வகுத்தால் 948 திரும்பக் கிடைக்கும்.

சரி, p பக்கத்தில் 27 என்பது நினைவகத்தில் 11011 என்று இருக்கிறது. மின்னழுத்தம் ஒரு கணம் தடுமாறியதாலோ, பழுதான நினைவகச் சில்லாலோ கடைசி பிட் புரண்டு 11010, அதாவது 26 ஆகிவிடுகிறது. q பக்கத்தில் எந்தச் சேதமும் இல்லை. இணைக்கும் நிரலுக்கு இது தெரியாது. 26-ஐயும் 35-ஐயும் இணைத்து 684 என்று வெளியே அனுப்பிவிடுகிறது.

இதைப் பெற்றவர் வழக்கம்போலச் சரிபார்க்கிறார். 684-இன் 17-ஆம் அடுக்கை 2773-ஆல் வகுத்தால் மீதி 1774. வரவேண்டியது 948, ஆகவே கையொப்பம் செல்லாது. பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். தாக்குபவர் இன்னும் ஒரு படி போகிறார்:

```
from math import gcd
N, e, m, s = 2773, 17, 948, 684
print(gcd(pow(s, e, N) - m, N))   # 59
```

1774-க்கும் 948-க்கும் உள்ள வித்தியாசம் 826. அது 59-இன் 14 மடங்கு. q பக்கத்துக் கணக்கு சரியாக இருந்ததால், 59-ஆல் வகுக்கும்போது இரண்டுக்கும் ஒரே மீதி வருகிறது. வித்தியாசம் 59-ஆல் மிச்சமின்றி வகுபடுகிறது. p பக்கம் கெட்டுப்போனதால் 47-ஆல் வகுபடவில்லை. N-உடன் மீ.பொ.வ. எடுத்தால் 59 மட்டும் தனியே வந்து நிற்கிறது. ஆக, சாவியைக் காட்டிக்கொடுப்பது கெட்டுப்போன பாதியல்ல, சரியாக மிஞ்சிய பாதி. இரண்டு பாதியும் கெட்டிருந்தால் விடை 1 என்று வந்திருக்கும். குறுக்குவழி இல்லாமல் நேராக N-ஐக் கொண்டே கணக்கிட்டிருந்தாலும், பிழை பெரும்பாலும் இரண்டு பக்கமும் பரவி அதே 1-தான் வந்திருக்கும். பிளக்கும் முன்பே செய்தி கெட்டிருந்தால், அது வேறொரு செய்திக்கான முறையான கையொப்பம் ஆகிவிடும். அதிலும் எதுவும் கசியாது.

நடுவில் எந்த பிட் புரண்டது, எத்தனை பிட் புரண்டது என்பதெல்லாம் முக்கியமே இல்லை. இந்தத் தாக்குதலில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். தாக்குபவர் குறிபார்த்து அடிக்க வேண்டியதில்லை.

பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த போனே, டிமில்லோ, லிப்டன் மூவரும் 1996-இல் இதை அறிவித்தபோது, ஒரே செய்திக்குச் சரியான கையொப்பம் ஒன்றும் பிழையான கையொப்பம் ஒன்றும் வேண்டும் என்ற நிலை இருந்தது. செய்தி தெரிந்தால் பிழையானது ஒன்றே போதும் என்று சுட்டிக்காட்டியவர் அர்யன் லென்ஸ்ட்ரா.

அந்த "செய்தி தெரிந்தால்" என்பதுதான் இதன் எல்லை. கையொப்பமிடப்படுவது, செய்தியின் சுருக்க எண்ணான ஹாஷோடு நிரப்பு பைட்டுகளும் சேர்ந்த முழு எண். பழைய PKCS#1 v1.5 முறையில் நிரப்பு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால், ஹாஷ் தெரிந்தவருக்கு முழு எண்ணும் தெரியும். PSS முறையில் ஒவ்வொரு முறையும் புது சீரற்ற எண் கலக்கப்படுகிறது. கையொப்பம் பிழையாகிவிட்டால் அந்த எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. m தெரியாமல் மீ.பொ.வ. எடுக்க வழியில்லை.

இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ் 1.2-இல் தற்காலிகச் சாவிப் பரிமாற்றம் நடக்கும்போது சர்வர் கையொப்பமிடும் தகவல்கள் எல்லாமே இணைப்பின் தொடக்கத்தில் வெளிப்படையாகப் போகின்றன. ரெட் ஹாட்டில் பணியாற்றிய ஃப்ளோரியன் வைமர் 2015-இல், பொது இணையத்தில் இயங்கும் சர்வர்களோடு இணைந்து கையொப்பங்களைச் சேகரித்து, உண்மையான சாவிகள் இப்படிக் கசிவதைக் காட்டினார். அவர் எந்தச் சர்வரையும் சீண்டவில்லை; பிழைகள் தாமாகவே நடந்தன. டிஎல்எஸ் 1.3 கையொப்பத்தை மறையாக்கி அனுப்புவதால், ஓரமாக நின்று கேட்பவருக்கு அது தெரியாது. அதோடு இந்தக் கையொப்பத்துக்கு அதில் PSS-தான் கட்டாயம்.

தடுப்பு எளிது: கையொப்பத்தை வெளியே விடும் முன் அதை e-க்கு உயர்த்தி m வருகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான e 65537. அதற்கு 17 பெருக்கல்கள்தான் தேவை. கையொப்பமிடும் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இன்னொரு வழி, ஷமீர் சொன்னது: p, q-வுக்குப் பதில் சிறு எண் r-ஐப் பெருக்கி pr, qr என்று வைத்துக் கணக்கிட்டு, இரண்டு விடைகளும் r-ஆல் வகுக்கும்போது ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. ஆனால் அதற்கு அப்புறம் இணைக்கும் கட்டத்தில் ஒரு பிட் புரண்டால் இது பிடிக்காது. மேலே சொன்ன இறுதிச் சோதனை அதையும் பிடிக்கும். தாக்குபவர் கையிலேயே இருக்கும் ஸ்மார்ட் கார்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: முதல் மின்னழுத்த அடியில் கணக்கைக் கெடுத்து, இரண்டாவது அடியில் "ஒத்துப்போகிறதா" என்ற ஒப்பீட்டுக் கட்டளையையே தாண்ட வைக்க முடியும்.

சர்வரை நிர்வகிப்பவர்களுக்கும் மேலே உள்ள மூன்று வரி நிரல் உதவும். பதிவுகளில் சரிபார்ப்பில் தோற்ற கையொப்பம் ஒன்று அகப்பட்டால், அதைத் தூக்கி எறியும் முன் மீ.பொ.வ. எடுத்துப் பாருங்கள். விடை 1 என்றால் இந்த வழியாகச் சாவி கசியவில்லை. 1-க்கும் N-க்கும் இடையில் ஒரு எண் வந்தால், அந்தக் கையொப்பத்தைப் பெற்ற யாருக்கும் அதே எண் கிடைத்திருக்கும். சான்றிதழை உடனே ரத்து செய்து, புதுச் சாவி உருவாக்கி, பழைய நினைவகச் சில்லைக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.