வாளுக்குப் பின்னால் ஓடும் ரிப்பன்

இருட்டில் கம்பி மத்தாப்பைச் சுற்றினால் முழு வட்டம் தெரியும். கேமில் வாள் வீசும்போது பின்னால் வரும் ஒளிப்பட்டையும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் வாள் எங்கே இருக்கிறது என்பது கேமுக்கு ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் தெரியும், நடுவில் நடந்தது எதுவும் தெரியாது.

என் கேமில் இது ரொம்ப நாள் கண்ணிலேயே படவில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய போனில், மே மாத வெயிலில், வேளச்சேரி மொட்டை மாடி ரூமில் ஓட்டினேன். போன் சூடாகி வினாடிக்கு 20 ஃபிரேமுக்கு இறங்கியது, வட்டமாக வர வேண்டிய வீச்சு, கத்தரியால் வெட்டிய அட்டை மாதிரி மூலை மூலையாக வந்தது.

அடிப்படை எளிது. வாளின் அடியில் ஒரு எலும்பு, அதாவது அனிமேஷன் நகர்த்தும் ஒரு புள்ளி, நுனியில் இன்னொரு எலும்பு. அந்த ஃபிரேமின் அனிமேஷன் முடிந்த பிறகு (முன்னாடியே படித்தால் ரிப்பன் வாளைவிட ஒரு ஃபிரேம் பின்தங்கும்) இரண்டின் இடத்தையும் குறித்துக்கொண்டு, முந்தைய ஜோடியோடு நாற்கரமாக இணைக்கிறோம்.

இப்போது 120 டிகிரி வீச்சு, 0.2 வினாடி, தோளிலிருந்து நுனி வரை 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 60 ஃபிரேமில் ஒவ்வொரு அடியும் 10 டிகிரி, நேர்கோடு வளைவிலிருந்து 6 மில்லிமீட்டர்தான் விலகும். 20 ஃபிரேமில் ஒவ்வொரு அடியும் 30 டிகிரி, விலகல் 5 சென்டிமீட்டர். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் நேர்கோட்டுக்குப் பதில் கேட்முல்-ராம் வளைவு போட்டேன். நடுவில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே போகும் வளைவை, இருபுறமும் உள்ள இன்னும் இரண்டு புள்ளிகள் வளைக்கும். அதே 30 டிகிரி அடியில் பிழை 3 மில்லிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. சிக்கல் வாளை ஒட்டிய கடைசித் துண்டில்தான்: அடுத்த புள்ளி இன்னும் பிறக்கவில்லை. அது வரும் வரை காத்திருந்தால் வாளுக்கும் ரிப்பனுக்கும் நடுவே ஓட்டை விழும். அதனால் அந்தப் புள்ளியை ஊகித்துத் தற்காலிகமாக வரைந்து, அடுத்த ஃபிரேமில் அந்தத் துண்டை மட்டும் திருத்தி வரைய வேண்டும்.

அப்புறம் மங்கல். ஃபிரேமை எண்ணி மங்கவைத்தால் மெதுவான போனில் ரிப்பன் நீண்ட நேரம் தொங்கும், அதனால் ஒவ்வொரு ஜோடியும் தான் பிறந்த நேரத்தைச் சுமக்கட்டும். பிறந்து எத்தனை வினாடி ஆனது என்பது age, எவ்வளவு ஒளி மிச்சம் என்பது alpha:

```
alpha = max(0, 1 - age / 0.25)
```

நடுவில் செருகிய புள்ளிகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன், ரிப்பனில் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக வெளிச்சம். வால் நுனி டக்கென்று மறைந்தால் காரணம் வேறு: ஆயுள் முடிந்த ஜோடியை உடனே அழிக்கும்போது, அதோடு ஒட்டியிருந்த, இன்னும் ஒளி மிச்சமுள்ள துண்டும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்கு அடுத்த ஜோடியும் பூஜ்யத்தைத் தொட்ட பிறகே அழித்தால் வால் தானாகக் கரைந்து போகும்.