நைட் ஷிஃப்ட் மாப்பிள்ளையிடம் எப்போது பேசுவது?

திருமணத்துக்கு முந்தைய ஆலோசனைக்கு வரும் ஜோடிகளில், ஒருவர் இரவு வேலையில் இருந்தால் முதலில் வரும் புகார் பெரும்பாலும் இதுதான்: "பேசவே நேரம் கிடைக்கல." இருவரின் ஒரு வாரத்தையும் தாளில் எழுதிப் பார்த்தால் நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஒருவர் அரைத்தூக்கத்தில் இருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையிலான அந்த நான்கைந்து மாதங்களில், அரைத்தூக்கத்தில் வந்த "ம்"களை வைத்தே மற்றவரின் குணத்தை எடைபோட்டுவிடுகிறோம்.

ஓர் உதாரணம். பையனுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். அங்கே கோடைக்காலம் என்றால் நம் கடிகாரப்படி மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. கேப் மேடவாக்கத்தில் இறக்கிவிடும்போது மணி 4.15. ஐந்துக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கு எழுகிறார். பெண்ணுக்குத் தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸ், 9.30 முதல் 6.30 வரை. மாம்பலத்தில் ரயில் பிடித்துக் குரோம்பேட்டை வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடித்து அக்கடா என்று உட்கார இரவு எட்டரை ஆகிவிடும். அவருக்குப் பேசத் தோன்றும் நேரம் அதுதான். பையனுக்கோ அப்போதுதான் வேலை உச்சத்தில் இருக்கும்.

அதனால் பெரும்பாலோர் செய்வது, பையன் கண் விழித்ததும் கூப்பிடுவது.

"சாப்பிட்டீங்களா?"
"ம்."
"என்ன ஒரு மாதிரி பேசறீங்க?"
"ஒண்ணுமில்ல. இப்பதான் எழுந்தேன்."

இந்த நாலு வரி வாரத்துக்கு மூன்று முறை நடந்தால், "அவருக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையோ" என்ற கேள்வி வந்துவிடும். உறக்கம் கலைந்த பிறகும் மூளை முழுதாக வேலைக்கு வர அரை மணி நேரம் ஆகலாம், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட. பகல் தூக்கம் பொதுவாக இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகவும் அடிக்கடி கலைவதாகவும் இருக்கும். காய்கறி வண்டி, குக்கர் விசில், கூரியர்க்காரர் என்று சென்னையின் பகல் யாரையும் தூங்கவிடாது. ஆக, எழுந்து முதல் ஒரு மணி நேரத்தில் கேட்கும் குரலை அவருடைய மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஜோடிக்கு உண்மையில் பொருந்துகிற நேரம் நாளுக்கு இரண்டு. ஒன்று பிற்பகல் 1.15, பெண்ணின் சாப்பாட்டு இடைவேளை. பையன் எழுந்து ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும், இருபது நிமிடம் பேசலாம். இன்னொன்று இரவு பத்து மணி, பையனின் சாப்பாட்டு இடைவேளை. அவர் கேன்டீனில், இவர் படுக்கப்போகும் முன், பதினைந்து நிமிடம். இரண்டாவது சில நாள் தவறும், டீம் மீட்டிங் வந்துவிடும். தவறினால் "இன்னிக்கு முடியாது" என்று ஒரே ஒரு வரி அனுப்புவது மட்டும் கட்டாயம். அந்த வரி வராத நாட்களில்தான் வாட்ஸ்அப்பில் "கடைசியாகப் பார்த்தது 2.10" என்பதைப் பார்த்துச் சண்டை தொடங்குகிறது.

மீதி நேரத்துக்குக் குரல் பதிவு நன்றாக உதவும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பதில் எதிர்பார்க்கவும் வேண்டாம். ரயிலில் பக்கத்து அக்கா என்ன சொன்னார், ஆபீஸில் யார் எதற்குக் கத்தினார் என்ற அளவில் இருக்கட்டும். "நீங்க ஏன் அன்னிக்கு எங்க அம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்க?" என்பது போன்றவற்றைக் குரல் பதிவில் போடவே கூடாது. வேலைக்கு நடுவில், அதிகாலை மூன்று மணிக்கு அதைக் கேட்பவர் மிக மோசமாகத்தான் புரிந்துகொள்வார். உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது. கல்யாணச் செலவு, தனிக்குடித்தனமா, யார் எங்கே வேலை மாறுவது எல்லாவற்றையும் போனில் ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை நேரில் பேசுங்கள்.

அந்தச் சனிக்கிழமையிலும் ஒரு பொறி இருக்கிறது. பெண் வீட்டார் காலை ஒன்பது மணிக்கு டிபனுக்கு அழைப்பார்கள். வெள்ளி இரவு வேலை முடிந்து சனி அதிகாலை படுத்தவர், மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வந்து இட்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "பையன் பேசவே மாட்டேங்கறான்" என்று ஒரு தீர்ப்பு வீட்டுக்குள் எழுந்துவிடும், அதை மாற்ற மாதக்கணக்காகும். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். காரணத்தைப் பெரியவர்களிடம் மறைக்கவும் வேண்டாம்: "அவருக்கு இது விடியக்காலை நாலு மணி மாதிரிம்மா" என்றால் புரியும்.

இன்னொன்று, வேலை முடிந்த கையோடு பெசன்ட் நகர் கடற்கரையில் சூரிய உதயம் பார்க்கப் போவது. ஆசைக்கு நல்லதுதான், ஆனால் பைக்கில் வேண்டாம். நண்பகல் எழுந்தவருக்குக் காலை ஐந்தரைக்குப் பதினேழரை மணி நேரம் விழித்தாயிற்று. பதினேழு மணி நேரம் தூங்காதவரின் கவனம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 தான்.

பலருக்கும் பிடிபடாத ஒன்று நவம்பரில் வருகிறது. அந்த மாதத்தின் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும். நம் கடிகாரம் மாறாது, பையனின் ஷிஃப்ட் மாறும்: 7.30 முதல் 4.30. இரவு பத்து மணி இடைவேளை பதினொன்றுக்குப் போகும், அதற்குள் பெண் தூங்கியிருப்பார். பிற்பகல் ஒன்றே காலுக்கு அவர் அப்போதுதான் கண் விழித்திருப்பார், மறுபடி "ம்" தொடங்கும். "கல்யாணம் நெருங்க நெருங்க ஆள் மாறிட்டார்" என்று நவம்பரில் வருகிறவர்களிடம் முதலில் ஷிஃப்ட் நேரத்தைத்தான் கேட்க வேண்டும். இந்த ஜோடிக்கு அந்த மாற்றத்தில் புதிதாக ஒரு நேரமும் திறக்கிறது. 7.15 மணிக்குப் பெண் குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடப்பார், பையன் ஆபீஸ் வாசலில் இறங்கி லாகின் செய்யப் பதினைந்து நிமிடம் இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று எல்லாம் பழையபடி திரும்பும்.

செவிலியர் போலச் சுழற்சி ஷிஃப்ட் என்றால் நிலையான நேரம் பிடிக்க முடியாது. டியூட்டி ரோஸ்டர் வந்த அன்றே படம் எடுத்து அனுப்பிவிட்டு, அந்த வாரத்துக்கு மட்டும் நேரம் குறியுங்கள். நைட் முடிந்து வரும் முதல் விடுப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தூங்கும் நாள்.

ஷிஃப்டின் மேல் எல்லாப் பழியையும் போடவும் முடியாது. தொடர்ந்து இரண்டு நாள் விடுப்பு, இரண்டாம் நாள் நன்றாகத் தூங்கி எழுந்து மாலை ஐந்து மணி ஆகிறது. அப்போதும் அவர் தானாகக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் ஒற்றைச் சொல்லில் முடிக்கிறார், நீங்கள் போன வாரம் சொன்ன எதையும் நினைவில் வைத்துக் கேட்கவில்லை. இப்படி மூன்று, நான்கு விடுப்புகள் தொடர்ந்தால் காரணம் தூக்கமல்ல. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன், நேரில் உட்கார்ந்து, "இந்தக் கல்யாணம் உங்களுக்குச் சம்மதம்தானா?" என்று கேட்டுவிடுங்கள்.