வெள்ளம் வடிந்த பின் சம்ப்பும் சமையலறையும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் போட்டுப் புரட்டியபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பல வீடுகளின் தரைத்தளத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போனது சோபா, பிரிட்ஜ், இரு சக்கர வாகனம் மீதுதான். வீட்டில் உள்ளவர்களை மறு வாரம் வாந்தி, பேதியில் படுக்க வைக்கக்கூடிய இடமோ கார் நிறுத்தும் இடத்தில் தரையோடு தரையாக மூடி போட்டுக் கிடக்கிறது. அது சம்ப், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. அந்த மூடி மழைத் தண்ணீரைத் தடுக்கச் செய்ததல்ல, தூசி விழாமல் இருக்கச் செய்தது. முழங்கால் அளவு வெள்ளம் நின்றாலே உள்ளே புகுந்துவிடும். புகுவதும் வெறும் மழைநீர் இல்லை. பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழிகள் பொங்கி வெளியே வந்த கழிவும் அதில் கலந்திருக்கும்.

இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கால் கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கி, மூடியைத் திறந்து, கையால் தூவிவிட்டு, மூக்கில் நெடி ஏறியதும் சரி, வேலை முடிந்தது என்று மூடிவிடுவார்கள். இதில் இரண்டு தப்பு இருக்கிறது. குளோரின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இரண்டும் புரியும்.

பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இதன் மூலக்கூறு மிகச் சிறியது, மின்னேற்றமும் இல்லாதது. பாக்டீரியாவின் மேற்புறத்தில் எதிர்மின்னேற்றம் இருந்தாலும் இதை அது தள்ளிவிட முடியாது. சுவரைக் கடந்து உள்ளே போய், அதன் புரதங்களையும் நொதிகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து செயலிழக்க வைத்துவிடும். காலரா, டைபாய்டு கிருமிகள் இதற்கு எளிதில் அடங்குபவை. சிக்கல் என்னவென்றால், குளோரினுக்குக் கிருமி எது, சேறு எது என்ற பேதம் கிடையாது. மட்கிய இலை, சாக்கடை அமோனியா, ஆழ்குழாய் நீரில் வரும் இரும்பு எல்லாவற்றோடும் அது வினைபுரியும். பந்தியில் முதலில் உட்காருவது சேறு; மிச்சம் இருந்தால்தான் கிருமிக்கு இலை. போதாக்குறைக்கு, சேற்றுத் துகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டுவதும் இல்லை. அதனால் கலங்கிய சம்ப்பில் பவுடரைக் கொட்டுவது முதல் தப்பு.

இரண்டாவது, நெடியை நம்புவது. குளோரின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற பொருள் உண்டாகும். அதற்கும் நெடி உண்டு. ஆனால் கிருமியைக் கொல்லும் வேகம் மிகக் குறைவு. சாக்கடை கலந்த தண்ணீரில் மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கும், வேலை செய்யும் குளோரின் துளிகூட இருக்காது.

ஆக, முதலில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நனைந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை தொடாமல் இருப்பது நல்லது. வீட்டைச் சுற்றி இன்னும் தண்ணீர் நின்றால் அவசரப்பட்டு இறைத்துப் பயனில்லை, விரிசல் வழியாக மறுபடி ஊறிவிடும். சுற்றிலும் வடிந்த பிறகு வாடகை மோட்டாரை வைத்துச் சேற்றோடு சேர்த்து வெளியேற்றுங்கள். உள்ளே இறங்கிக் கழுவுவது மட்டும் வீட்டு ஆட்கள் செய்யக் கூடாத வேலை. அழுகிய சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளை நொடியில் மயக்கிவிடும். தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவது இந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, நீளமான பிரஷ்ஷால் மேலிருந்தே தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி, மறுபடி இறைக்கலாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கான கருவி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

சுவர் வெளுத்த பிறகுதான் பவுடருக்கு வேலை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புதிதாகத் தயாரித்த பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். கடையில் பிரித்து வைத்த மூட்டையில் அது குறைந்துகொண்டே வரும். 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வது யதார்த்தம். கட்டி தட்டிப்போய், நெடியே இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள்.

முதல் சுற்று, தொட்டியையும் குழாயையும் சுத்தம் செய்ய. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் தேவை. சம்ப்பில் 1,000 லிட்டர் மட்டும் விட்டால் 50 கிராம் குளோரின், அதாவது 200 கிராம் பவுடர். இதை மேல்தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் நெடி வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் வடித்துவிட வேண்டும். இந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. இங்கே நெடியை நம்பலாம், ஏனென்றால் தொட்டியைக் கழுவிவிட்டோம், அளவும் தாராளம்.

இரண்டாவது சுற்று, குடிக்கப் போகும் தண்ணீருக்கு. 6,000 லிட்டர் சம்ப்பில் லாரித் தண்ணீர் நிரப்பியிருக்கிறீர்கள், பார்க்கத் தெளிவாக இருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 12 கிராம் குளோரின். 25 சதவீதப் பவுடரில் 48 கிராம். வித்தியாசத்தைப் பாருங்கள். கால் கிலோவைத் தூவியவர் ஐந்து மடங்கு போட்டிருக்கிறார். சமையலறைத் தராசில் நிறுத்து, பிளாஸ்டிக் வாளியில் முதலில் கூழாகக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றி, குச்சியால் கலக்கி, குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கொல்வதற்குக் குளோரினுக்கு நேரம் வேண்டும். இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் கழிவறை கழுவும் ஆசிட் இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு.

அப்புறம் சோதனை. குடிநீர் ஊழியர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் சின்னக் கண்ணாடிக் குழாய்தான், வீட்டுக்கும் வாங்கலாம். மருந்தைச் சொட்டிப் பார்த்தால் நிறம் மாறும். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் வெள்ளக் காலத்துக்கு நிம்மதி. நிறமே வரவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. அப்போதும் வரவில்லை என்றால் எங்கோ சேறு மிச்சம் இருக்கிறது, பவுடரைக் கூட்டுவதற்குப் பதில் மறுபடி கழுவ வேண்டும்.

இவ்வளவுக்கும் வழியில்லாத முதல் சில நாட்களுக்குக் கொதிக்க வைப்பதே சிறந்தது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியையும் அது கொல்லும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், பாதியாகச் சுண்ட வைத்துக் கேஸை வீணாக்க வேண்டாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய வைத்து, மெல்லிய பருத்தித் துணியை நாலாக மடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள். படிகாரம் கலங்கலை இறக்கும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்தின் அலுமினியம் அதைச் சமன் செய்ய, அவை திரண்டு அடியில் படிகின்றன. பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை இழைத்தார்களே, அதுவும் இதே வேலைதான். தெளிவது வேறு, கிருமி சாவது வேறு. தெளிந்ததையும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

கொதிக்க வைத்தும் தீராத ஒன்று உண்டு. மிக்ஜாம் மழையின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. எண்ணெயையும் பூச்சிமருந்தையும் கொதியும் நீக்காது, குளோரினும் நீக்காது. தண்ணீரில் பெட்ரோல் வாடையோ வானவில் படலமோ தெரிந்தால் அதைச் சுத்தப்படுத்தப் பார்க்காதீர்கள். வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான் ஒரே வழி.

சமையலறைக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, கெட்டுப்போனதாகத் தெரிகிறதா என்பதல்ல, வெள்ளத் தண்ணீர் பட்டதா என்பது. அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்திருந்தால், கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டு விடலாம் என்று கை துறுதுறுக்கும். அரிசி தண்ணீரை உறிஞ்சும் பொருள், கழிவும் உள்ளேதான் போயிருக்கும். காய்வதற்குள் பூஞ்சை பிடித்தால் அதன் நச்சு சமைத்தாலும் போகாது. பருப்பு, மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் இதே கதை. எவர்சில்வர் டப்பாவின் அழுத்து மூடி எறும்புக்குத்தான் தடை, வெள்ளத்துக்கு இல்லை. திருகு மூடிப் பாட்டிலின் மரையில் புகுந்த தண்ணீரைத் துடைத்து எடுக்கவும் முடியாது. மூழ்கியிருந்தால் இரண்டின் உள்ளே இருந்ததும் குப்பைக்கு. ஊறுகாய் என்றால் மனசு வராது, ஆனாலும் அதேதான். மரக்கரண்டி, சப்பாத்திக் கட்டை, குழந்தையின் பால் பாட்டில் நிப்பிள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும்.

தப்பிப்பது தகர டின் மட்டுமே. நெளியாமல், உப்பாமல், துருப்பிடிக்காமல் இருந்தால். லேபிளைக் கிழித்து, சோப்பால் கழுவி, இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, பெயரையும் காலாவதித் தேதியையும் மார்க்கரால் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிரிட்ஜுக்குள் வெள்ளம் போகாமல் கரண்ட் மட்டும் போயிருந்தால் கணக்கு வேறு. கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும், நிரம்பிய பிரீசர் இரண்டு நாள் வரை. அந்தந்த நேரம் தாண்டிவிட்டால் பால், மீன், இறைச்சி, குழம்பு, சோறு எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் போச்சு என்பார்கள். சமைத்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வாந்தி வரவழைக்கும் ஒரு நச்சை உண்டாக்குகிறது, அது பிரஷர் குக்கர் சூட்டிலும் அழியாது. கிருமி செத்தாலும் நச்சு அப்படியே இருக்கும். வாடையிலும் ருசியிலும் தெரியவும் செய்யாது.

இட்லி மாவு கொஞ்சம் விதிவிலக்கு. புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் பெரும்பாலான நோய்க்கிருமிகளை வளரவிடாது. அதனால் கரண்ட் போன ஒரு நாளில் நன்கு புளித்த மாவு இன்னும் புளிக்குமே தவிர, சட்டென்று கெடாது, ஊத்தப்பமாக ஊற்றிவிடலாம். இளஞ்சிவப்புப் படலமோ அழுகல் வாடையோ வந்திருந்தால் வேண்டாம். அன்றைக்கு அரைத்துப் புளிக்காமலே உள்ளே வைத்த மாவுக்கும் இந்தச் சலுகை கிடையாது.