பழைய சுவருக்கு பாயிண்டிங்: எத்தனை மூட்டை சிமெண்ட்?

கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீடு. சுண்ணாம்புக் கலவையில் கட்டி, பூசாமல் விட்ட நாட்டுச் செங்கல் சுவர். 20 அடி நீளம், 10 அடி உயரம். செங்கல் இடுக்குகளில் இருந்த சுண்ணாம்பு உதிர்ந்து, விரல் போகிற அளவுக்குப் பள்ளம். அந்த இடுக்குகளைப் புதுக் கலவையால் அடைக்கும் பாயிண்டிங் வேலைக்குக் கொத்தனார் சொன்ன கணக்கு ஐந்து மூட்டை சிமெண்ட், 1:3 கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். வீட்டுக்காரர் வாங்கும் முன் என்னைக் கேட்டார்.

ஐந்து மூட்டை எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 200 சதுர அடி முழுவதும் ஒரு இஞ்ச் கனத்துக்குப் பூசினால் சேதாரத்தோடு அவ்வளவுதான் வரும். ஆனால் பாயிண்டிங் கலவை செங்கல் மேல் போவதில்லையே, இடுக்கில் மட்டும்தானே போகிறது. அப்படியென்றால் முதலில் தெரிய வேண்டியது சுவரில் இடுக்கின் பங்கு எவ்வளவு என்பது.

அதற்கு ஒரு கல்லை எடுத்துக்கொண்டால் போதும். இந்தச் சுவரில் கல்லின் முகம் 9 இஞ்ச் நீளம், 3 இஞ்ச் உயரம். இடுக்கு அரை இஞ்ச். (நாட்டுக் கல் ஒன்றுக்கொன்று அளவு மாறும். அதனால் பத்து வரியின் மொத்த உயரத்தை அளந்து பத்தால் வகுத்துவிடுவேன். இங்கே 35 இஞ்ச் வந்தது; கல்லும் இடுக்கும் சேர்ந்து மூன்றரை.) இடுக்கோடு சேர்த்து ஒரு கல் பிடிக்கும் இடம் 9.5 × 3.5, அதாவது 33.25 சதுர இஞ்ச். கல் மட்டும் 27. மீதி 6.25 இடுக்கு, கிட்டத்தட்ட 19 சதவீதம். ஆனால் இந்தச் சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி கல்லைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள், நாலரை இஞ்ச் முகம்தான் வெளியே தெரிகிறது. அந்த வரிகளில் செங்குத்து இடுக்கு அதிகம் என்பதால் பங்கு 23 சதவீதம். சராசரி 21 என்று வைத்தால், 200 சதுர அடியில் இடுக்கு 42 சதுர அடி.

அடுத்து ஆழம். கணக்கை ஏமாற்றுவது இதுதான். ஆழம் இரண்டு மடங்கானால் கலவையும் அப்படியே இரண்டு மடங்கு. உதிர்ந்ததைச் சுரண்டி எடுக்காமல் ஆழம் தெரியாது. அதனால் முதலில் சுரண்டச் சொல்லி, அப்புறம் இருபது இடத்தில் ஆணியை விட்டு அளந்தேன். இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது ஆழம் வேண்டும்; குறைந்தால் புதுக் கலவை பிடிக்காமல் பட்டையாகக் கழன்று விழும். இங்கே சராசரி ஒரு இஞ்ச். இரண்டு மூன்று இடத்தில் மூன்று இஞ்ச் வரை உள்ளே போனது. அவற்றைச் சராசரியில் சேர்க்காமல் தனியாகக் கணக்கிட்டு, ஒரே மூச்சில் அடைக்காமல் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும்.

42 சதுர அடியைப் பன்னிரண்டால் வகுத்தால் 3.5 கன அடி ஈரக் கலவை. கீழே சிந்துவதற்கு 20 சதவீதம் சேர்த்தால் 4.2. சிமெண்டும் மணலும் காய்ந்த நிலையில் அதிக இடம் பிடிக்கும் என்பதால் 1.3 ஆல் பெருக்க, சுமார் 5.5 கன அடி. கொத்தனார் சொன்ன 1:3 பழைய சுவருக்கு அதிகம் என்பதால் நான் எடுத்தது 1:6 கலவை. அதற்கு இதை ஏழு பங்காகப் பிரிக்க வேண்டும்: சிமெண்ட் 0.78 கன அடி, மணல் 4.7 கன அடி. 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 1.25 கன அடி. ஆக வேண்டியது சுமார் 31 கிலோ, ஒரு மூட்டைகூட முழுதாகத் தேவையில்லை. மணல் ஈரமாக இருந்தால் பொங்கி நிற்கும், பெட்டியில் அளக்கும்போது கால் பங்கு வரை ஏமாற்றும். காய்ந்த மணலில் அளப்பது நல்லது, இல்லாவிட்டால் பொங்கியதற்குச் சேர்த்துப் போட வேண்டும்.

"1:6 பலமில்லாத கலவை சார், நிக்காது" என்றார் கொத்தனார். பழைய சுவருக்குப் பலமான கலவைதான் ஆபத்து என்பதைக் காட்ட, அவரை அதே வீட்டின் கொல்லைச் சுவருக்கு அழைத்துப்போனேன். அங்கே சில வருஷத்துக்கு முன் யாரோ கெட்டியான சிமெண்டில் பாயிண்டிங் செய்திருந்தார்கள். இடுக்கு மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் முகம் அரை இஞ்ச் உள்வாங்கி, தொட்டால் பொடி உதிர்ந்தது. சுவருக்குள் ஏறும் ஈரம் முன்பு சுண்ணாம்பு இடுக்கு வழியாக வெளியேறியது. சிமெண்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் செங்கல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்து உலரும்போது கூடவே கொண்டுவந்த உப்பு கல்லின் முகத்தடியில் பூத்து, முகத்தைப் பெயர்த்துவிடுகிறது. கல்லை விடக் கலவை இளகலாக இருக்க வேண்டும். உதிர்வதென்றால் கலவை உதிரட்டும், அதை மறுபடி வைக்கலாம்.

கடைசியில் சிமெண்டுக்குச் சமமாக நீர்த்த சுண்ணாம்பும் சேர்த்து 1:1:6 என்று முடிவானது. சிமெண்ட் முக்கால் கன அடி, சுண்ணாம்பு முக்கால், மணல் நாலரை. சிமெண்ட் கணக்கு பெரிதாக மாறவில்லை, கலவைதான் இளகியது. பூசு வேலைக்கான எம்-சாண்டைச் சலித்தோம். அரை இஞ்ச் இடுக்கில் பெரிய துகள் கிடந்தால் கரண்டி அழுத்தம் உள்ளே போகாது. கலவையை இடுக்குக்குள் அழுத்தி, கல்லின் முகத்துக்கு ஒரு நூல் உள்வாங்கியே நிறுத்தினோம், கல் மேல் வழியவிடவில்லை. சுவரை முதல் நாளே நனைத்து வைத்ததும், முடித்தபின் ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டதும் வீட்டுக்காரர் வேலை.

வாங்கியது ஒரு மூட்டை. மீதி இருந்த இருபது கிலோ சொச்சத்தைக் கலவையில் கொட்டிவிடாமல் இருக்க, கொத்தனார் பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன்.