பெயர் இருக்கும், படம் இருக்காது: போலி பென்டிரைவை முதல் நாளே கண்டுபிடிப்பது எப்படி

மார்ச் மாதம் ஓர் அம்மா எங்கள் டேட்டா ரெக்கவரி கடைக்கு ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார். மேலே 1 டிபி என்று அச்சடித்திருந்தது. ஆன்லைனில் 899 ரூபாய்க்கு வாங்கியது. "ஃபோல்டர் எல்லாம் இருக்கு சார், ஃபைல் பேரும் இருக்கு, சைஸும் சரியா காட்டுது. ஆனா படம் மட்டும் திறக்கல" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதே வாக்கியத்தை வேறு வேறு ஆட்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இது பழுதான பென்டிரைவ் அல்ல, பொய் சொல்லும் பென்டிரைவ். உள்ளே மெமரி சிப் ஒன்றும், அதை மேய்க்கும் கன்ட்ரோலர் சிப் ஒன்றும் இருக்கின்றன. நம்மிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்வது கன்ட்ரோலர்தான். போலி தயாரிப்பவர்கள் அதன் மென்பொருளை மாற்றி, 32 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 1 டிபி என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அதைச் சந்தேகிக்க வழியில்லை. ஃபார்மேட் செய்தாலும் 1 டிபிக்குரிய 931 ஜிபி என்றே காட்டும். (931 என்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. கம்பெனிகளும் விண்டோஸும் ஜிபியை வேறு வேறு விதமாகக் கணக்கிடுகின்றன, அவ்வளவுதான். அசல் பென்டிரைவும் அப்படித்தான் காட்டும்.)

முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதைத் தாண்டி அனுப்புவதைச் சில கன்ட்ரோலர்கள் அப்படியே தூக்கி எறிந்துவிடும். சில, முன்பு எழுதியதன் மேலேயே திரும்ப எழுதும். இரண்டிலும் "காப்பி முடிந்தது" என்றுதான் திரையில் வரும். ஃபைல்களின் பெயரும் அளவும் அடங்கிய பட்டியல் டிரைவின் தொடக்கத்தில், உண்மையான சிப் இருக்கும் பகுதியில் பெரும்பாலும் பதிவாவதால் அது மட்டும் பத்திரமாக இருக்கும். பெயர் இருந்தும் படம் வராததற்குக் காரணம் இதுதான்.

அந்த அம்மா முதலில் போனிலிருந்த படங்களை, சுமார் 24 ஜிபி, ஏற்றியிருக்கிறார். அவை இருந்தன. பிறகு லேப்டாப்பிலிருந்து 186 ஜிபியை ஏற்றியிருக்கிறார். காப்பி செய்யவில்லை, கட் பேஸ்ட். இறந்துபோன அப்பா பேசிய 11 ஆடியோ பதிவுகளும் அதில் இருந்தன. ஏற்றி முடித்ததும் திறந்து பார்த்தாராம், சின்னச் சின்னப் படங்களாக எல்லாம் தெரிந்ததாம். தெரிந்திருக்கலாம். அப்போதுதான் எழுதியதை லேப்டாப் தன் நினைவில் வைத்திருந்து காட்டியிருக்கலாம்.

பென்டிரைவில் பதியவே பதியாததை யாராலும் மீட்க முடியாது. நாங்கள் நம்பியது லேப்டாப்பைத்தான். அதில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். அழித்த ஃபைல் அதன் மேல் வேறு ஏதாவது பதியும்வரை அங்கேயே கிடக்கும். இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகும் 140 ஜிபி அளவுக்கு எடுத்தோம். அப்பாவின் பதிவுகளில் 7 கிடைத்தன, 4 கிடைக்கவில்லை. லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அநேகமாக ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானாகவே துடைத்துவிடும்.

வாங்கும்போதே தெரிந்துகொள்ள முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓரளவு முடியும். 16 டிபி மெமரி கார்டு என்று யாராவது விற்றால் அப்படி ஒரு பொருளே கிடையாது. யுஎஸ்பி 3 என்று எழுதி, வாயில் நீலப் பிளாஸ்டிக்கும் வைத்திருப்பார்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அசலில் முன்வரிசை 4 பின்களுக்குப் பின்னால் இன்னும் 5 பின்கள் இருக்கும். 4 மட்டும் இருந்தால் அது பழைய யுஎஸ்பி 2, நீலம் வெறும் சாயம். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் எதுவும் இல்லாத அட்டையில் வரும் பொருளை நான் தொடவே மாட்டேன். ஆனால் நல்ல கம்பெனி அட்டையை அப்படியே அச்சடித்தும் போலி வருகிறது. கடையில் ஒரு சினிமாவை ஏற்றி ஓட்டிக் காட்டுவார்கள், அது ஓடும். 2 ஜிபி படத்துக்கு 32 ஜிபி சிப் தாராளம்.

ஆன்லைன் நட்சத்திரங்களும் இதில் உதவாது. பொருள் கைக்கு வந்த வாரமே, "வேகமான டெலிவரி, நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 32 ஜிபி நிரம்பும்வரை அது நன்றாகத்தான் வேலை செய்யும். ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். "ஃபைல் திறக்கவில்லை", "வீடியோ பாதியில் நிற்கிறது" என்று இரண்டு பேர் சொல்லியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உறுதியான வழி, முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் H2testw என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவ் காலியாக இருக்கும்போதே ஓட்ட வேண்டும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு f3. கீழே உள்ளது லினக்ஸ் பாதை, அதில் உங்கள் யூசர் பெயரையும் டிரைவின் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். மேக்கில் அந்தப் பாதை /Volumes/PENDRIVE என்று இருக்கும்:

```
f3write /media/user/PENDRIVE
f3read /media/user/PENDRIVE
```

எழுதி முடித்ததும் ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டு f3read ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருந்ததையே படித்துக் காட்டிவிடலாம். Data LOST என்ற வரியில் ஜிபி கணக்கில் எண் வந்தால் போலி. H2testw சொல்வது The media is likely to be defective. அந்த அம்மாவின் டிரைவை முதலில் முழுதாக நகல் எடுத்துவிட்டுத்தான் இந்தச் சோதனைக்குப் போட்டோம். 29 ஜிபியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் கணக்கில் 32 ஜிபி சிப் என்றால் அவ்வளவுதான் வரும்.

இதற்கு நேரம் பிடிக்கும். வினாடிக்கு 20 எம்பி எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு, எழுத மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். 1 டிபி என்றால் பதினான்கு மணி நேரம். அவசரப்பட்டு, "10 ஜிபி மட்டும் சோதிப்போம்" என்று செய்தால் போலியும் பாஸாகிவிடும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். அது முடியும்வரை ஒரு படத்தைக்கூட அதற்கு நகர்த்த வேண்டாம்.

போலி என்று தெரிந்தால் அந்த முடிவுத் திரையைப் படம் பிடித்து, விற்பனைப் பக்கத்தில் 1 டிபி என்று போட்டிருப்பதையும் சேர்த்து, முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தட்டிக்கழித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். "சரியா வேலை செய்யல" என்று மட்டும் எழுதாதீர்கள், "ஒரு முறை மாற்றித் தருகிறோம்" என்று அதே போலி இன்னொன்று வரும். "சொன்ன கொள்ளளவு 1 டிபி, சோதனையில் கிடைத்தது 29 ஜிபி" என்று எண்ணோடு எழுதுங்கள்.

திருப்பி அனுப்பும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. அதில் படங்களை ஏற்றியிருந்தால், உள்ளே இருக்கும் உண்மையான 32 ஜிபியில் உங்கள் குடும்பப் படங்கள் இருக்கின்றன. டெலீட் செய்தாலும் க்விக் ஃபார்மேட் செய்தாலும் என்னைப் போன்ற ஒருவரால் அவற்றை எடுக்க முடியும். பத்திரமாக நகல் எடுத்துக்கொண்டு, டிரைவைக் காலி செய்து, H2testw-ஐ மறுபடி முழுதாக ஓட்டி நிரப்பிவிட்டு அனுப்புங்கள். அந்த அம்மாவின் டிரைவை நாங்கள் அப்படித்தான் நிரப்பிக் கொடுத்தோம்.