ஃப்ளிக்கர்: திரையின் ஒளித்துடிப்பு

ஒளி ஒரே அளவில் நில்லாமல் கூடிக் குறைவதும், அணைந்து அணைந்து எரிவதும் ஆங்கிலத்தில் ஃப்ளிக்கர் எனப்படும். பறவை சிறகடித்துப் படபடப்பதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் இது. பின்னர் காற்றில் ஆடும் சுடருக்கும், அதற்கும் பின்னர் மின்விளக்குக்கும் திரைக்கும் பெயராயிற்று. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ மொனிட்டர் திருத்தும் ஒருவரிடம் “ஃப்ளிக்கர் அடிக்குது” என்றால், எந்த ஃப்ளிக்கர் என்று அவர் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் இந்த ஒரே பெயருக்குள் கிடக்கின்றன.

மின்னழுத்தம் தாழும்போதோ, மொனிட்டரின் பவர் போர்டில் கொள்ளளவி வீங்கியிருக்கும்போதோ திரை ஒழுங்கில்லாமல் மங்கி மங்கி எரியும். இது கண்ணுக்கு நேரே தெரியும். மினுக்கல் என்ற சொல் இதற்குப் போதும். எழுத்தும் படமும் இடம் பெயர்ந்து அதிர்ந்தால் அது நடுக்கம், பெரும்பாலும் வயர் அல்லது கிராபிக்ஸ் பக்கத்துக் குறை. மூன்றாவது வகையில் திரை அமைதியாக எரிவதுபோலவே தெரியும். உண்மையில் அது ஒழுங்கான தாளத்தில் ஒரு செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிகிறது. இதற்கு ஒளித்துடிப்பு என்பதே பொருத்தம். நாடிக்கு வழங்கும் துடிப்பு என்ற சொல் ஒழுங்கான தாளத்தையும் கண்ணுக்குத் தெரியாமையையும் சேர்த்தே தருகிறது. அதற்குக் காரணமான, திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். முறையும் தமிழில் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்றே எழுதப்படுவதால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கீழே ஃப்ளிக்கர் என்று பேசப்படுவது இந்த மூன்றாவது வகை மட்டும்.

பழைய குழாய் மொனிட்டர்களின் காலத்தில் ஃப்ளிக்கர் என்றால் புதுப்பிப்பு வீதத்தின் கோளாறு. 60 ஹேர்ட்ஸில் திரை துடிப்பது தெரியும், 85க்கு உயர்த்தினால் அடங்கும். எல்.சி.டி. திரை அப்படியல்ல, அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆனாலும் அந்தப் பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கினால் கண்ணுக்கு இதம் என்று சொல்லி விற்பவர்கள் இரண்டு எண்களைக் குழப்புகிறார்கள். 144 என்பது படம் மாறும் வேகம். ஒளித்துடிப்பு, படத்துக்குப் பின்னால் எரியும் பின்னொளியில் நிகழ்வது.

பின்னொளியின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்.ஈ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைப்பது. இதற்கு டி.சி. டிமிங் என்று பெயர். மற்றது, மின்னோட்டத்தை அப்படியே விட்டு, எரியும் நேரத்தைக் குறைப்பது. இதுதான் பி.டபிள்யூ.எம். மலிவானது, மிகக் குறைந்த வெளிச்சத்திலும் நிறம் மாறாதது. அதனால் உற்பத்தியாளருக்குப் பிடித்தது. மீடிறன் 240 ஹேர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு சுற்று ஏறத்தாழ 4.2 மில்லிசெக்கன். வெளிச்சத்தை 25 வீதத்துக்கு இறக்கினால் விளக்கு 1 மில்லிசெக்கன் முழு வெளிச்சத்தில் எரிந்து, மீதி 3 மில்லிசெக்கனுக்கு மேல் இருட்டாகக் கிடக்கும். வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க இருட்டு நேரம் நீளும். 100இல் பெரும்பாலும் துடிப்பே இராது.

எல்.ஈ.டி.க்கு முந்திய எல்.சி.டி. மொனிட்டர்களில் பின்னொளியாக மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. அவையும் பல இடங்களில் இப்படியே மங்கலாக்கப்பட்டன. ஆனால் குழலின் உட்பூச்சு மின் நின்ற பிறகும் சற்று ஒளிர்ந்து இருட்டை நிரப்பிவிடும். எல்.ஈ.டி. அப்படி எதையும் மிச்சம் வைக்காது, சட்டென்று அணையும். பழைய மொனிட்டரில் வராத தலையிடி புதியதில் வருகிறது என்பவர்களின் முறைப்பாடு மனப்பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

240 ஹேர்ட்ஸைக் கண் எப்படி உணரும் என்ற கேள்வி நியாயமானது. அசையாமல் பார்த்தால் 60 முதல் 90 ஹேர்ட்ஸுக்குள்ளேயே துடிப்புகள் ஒன்றாகிவிடும். ஆனால் வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவிப் போகிறது. தாவும் கணத்தில் விழித்திரையின் வெவ்வேறு இடங்களில் அடுத்தடுத்த துடிப்புகள் விழும். ஆயிரம் ஹேர்ட்ஸைத் தாண்டியும் இதைக் கவனிப்பவர்கள் உண்டு. 1989இல் வில்கின்ஸும் அவரது குழுவினரும் ஓர் அலுவலகத்தில் செய்த ஆய்வு பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. செக்கனுக்கு 100 தடவை துடிக்கும் குழல் விளக்குகளுக்குப் பதில் 32 கிலோஹேர்ட்ஸ் விளக்குகளைப் போட்டபோது தலையிடியும் கண் உளைவும் ஏறத்தாழப் பாதியாகின. எல்லாருக்கும் ஒரே அளவில் இது தாக்காது. ஒற்றைத் தலைவலிக்காரருக்குக் கூடுதலாகப் படலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

எவ்வளவு துடிப்பு கூடாது என்பதற்கு மின், இலத்திரனியல் பொறியியலாளர் சங்கமான ஐ.ஈ.ஈ.ஈ.யின் 1789 என்ற 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒரு கணக்குத் தருகிறது. 90 முதல் 1250 ஹேர்ட்ஸ் வரை, மீடிறனை 0.08ஆல் பெருக்கினால் வருவதே குறைந்த ஆபத்துக்குரிய ஏற்ற இறக்க வீதம். 240ஐப் பெருக்கினால் 19.2. முழுதாக அணைந்து எரியும் திரையின் ஏற்ற இறக்கமோ 100 வீதம், ஐந்து மடங்குக்கு மேல். அப்படி அணைந்து எரிவதென்றால் மீடிறன் 1250க்கு மேல் இருக்க வேண்டும்.

பெட்டியில் “Flicker-free” என்று எழுதியிருப்பதை நம்பத் தேவையில்லை, சோதித்துவிடலாம். பாவித்த மொனிட்டர் வாங்கும்போது கடையிலேயே செய்யலாம். முதலில் அறை விளக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் 100 ஹேர்ட்ஸ் துடிப்பும் சேர்ந்து குழப்பும். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போன் கமராவை Pro நிலையில் வைத்து, ஷட்டரை 1/2000க்குக் கொண்டுபோங்கள். திரை துடித்தால் கமராவில் கறுப்புப் பட்டைகள் தெரியும். தானியங்கி நிலை இந்தப் பட்டைகளை மறைக்கவே பார்க்கும், அதனால் அது உதவாது. மொனிட்டரின் Brightness 100, 50, 20 என்று மூன்று நிலைகளிலும் பாருங்கள். 100இல் சுத்தமாகவும் 50இல் கறுப்புப் பட்டைகளாகவும், 20இல் பட்டைகள் இன்னும் தடித்தும் தெரிந்தால் அது பி.டபிள்யூ.எம். சில மொனிட்டர்கள் குறிப்பிட்ட அளவுவரை டி.சி. முறையில் இறங்கி, அதற்குக் கீழேதான் துடிக்கத் தொடங்கும். அந்த எல்லையைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மீடிறனையும் அறியலாம். கறுப்புப் பின்னணியில் ஒரு மெல்லிய வெள்ளை நிலைக்குத்துக் கோட்டை வரைந்து, Brightness ஐ 25க்கு இறக்கி, ஷட்டரை 1/20க்கு வைத்து, போனைப் பக்கவாட்டில் வேகமாக இழுத்துக்கொண்டே படம் எடுங்கள். துடிக்காத திரையில் கோடு ஒரே தீற்றலாக வரும். துடிக்கும் திரையில் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். 12 கோடுகள் இருந்தால் 12 பெருக்கல் 20, அதாவது 240 ஹேர்ட்ஸ். கோடுகள் எண்ண முடியாமல் நெருக்கமாக ஒட்டிக்கிடந்தால் போனை இன்னும் வேகமாக இழுக்க வேண்டும், அல்லது மீடிறன் கவலைக்குரிய எல்லையைத் தாண்டியது.

கையில் இருக்கும் மொனிட்டர் துடிப்பதென்று தெரிந்துவிட்டால், Brightness ஐ 100க்கு அல்லது துடிப்பு தொடங்கும் எல்லைக்கு மேல் வைத்துவிட்டு, வெளிச்சத்தை வேறிடத்தில் குறைக்க வேண்டும். மொனிட்டர் மெனுவில் Contrast ஐ இறக்கலாம், அல்லது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே அளவில் குறைக்கலாம். லினக்ஸில் எக்ஸ்11 பாவிப்பவர்களுக்கு இரண்டு வரிகள் போதும். திரையின் பெயரை முதற் கட்டளை காட்டும், அதை இரண்டாவதில் HDMI-1 இருக்கும் இடத்தில் இடுங்கள்:

```
xrandr | grep " connected"
xrandr --output HDMI-1 --brightness 0.6
```

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது பின்னொளியைத் தொடாது, நிற அளவுகளை மட்டும் இறக்கும். எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலேண்டில் இது பயன்தராது. இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. பின்னொளி முழுதாக எரிவதால் கறுப்பு நிறம் சாம்பலாகவே நிற்கும், இருட்டறையில் அது எடுப்பாகத் தெரியும். திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சிறு விளக்கை எரிய விட்டால் அது உறுத்தாது. அந்த விளக்கே மலிவான எல்.ஈ.டி. பல்பாக இருந்து துடித்தால் செய்ததெல்லாம் வீண். அதையும் அதே கமராவால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கண் உளைவுக்குப் பலரும் குற்றம் சொல்லும் நீல ஒளி. எல்.ஈ.டி. பின்னொளியின் நீலம் 450 நானோமீற்றரை அண்டி உச்சம் கொள்வது உண்மை. அது கண் உளைவைத் தருகிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மீளாய்வு 17 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, நீல ஒளி வடிக்கும் கண்ணாடி சாதாரண கண்ணாடியைவிடக் குறுகிய காலத்தில் கண் உளைவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்கக் கண் மருத்துவர் கழகமும் கணினி வேலைக்கு அந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. விழித்திரை கெடும் என்ற பயமுறுத்தலும் நிற்காது. திரையின் வெளிச்சம் சதுர மீற்றருக்குச் சில நூறு கண்டெலா. வாவிக்கரையில் பகலில் அண்ணாந்து பார்த்தால் வானம் அதைப் பல மடங்கு மிஞ்சும். உறக்கத்துக்கு முன் திரையைப் பார்ப்பது வேறு பேச்சு. உடல் மணிக்கூட்டைத் தூண்டும் விழித்திரைக் கலங்கள் 480 நானோமீற்றரை அண்டிய ஒளிக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன. அது கண் உளைவுக் கணக்கில் சேராது.

“Low Blue Light” போட்டதும் இதமாயிருக்கிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நிலை பல மொனிட்டர்களில் வெளிச்சத்தையும் சேர்த்தே இறக்கிவிடும். கூசிய கண்ணுக்கு அதுவே போதும். இறங்குவது பி.டபிள்யூ.எம். பின்னொளியாக இருந்தால் துடிப்பின் இருட்டு நேரமும் கூடவே நீள்கிறது. கண்ணைக் காக்க என்று மஞ்சளாக்கி, வெளிச்சத்தையும் 20க்கு இறக்கி வைப்பவர்தான் துடிப்பைக் கூட்டி வாங்குகிறார்.

துடிப்பில்லாத திரையிலும் கண் உளைந்தால் காரணம் பெரும்பாலும் இமையில் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் சிமிட்டும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது ஐந்து ஏழாகக் குறைந்துவிடும், விழி காயும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கையோடு மின்விசிறியும் முகத்துக்கு நேரே ஓடினால் சொல்லவே வேண்டாம். விசிறியை முதுகுப் பக்கம் திருப்புவது எந்தக் கண்ணாடியையும்விட மலிவான வைத்தியம். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை தாழ்ந்து விழியின் திறந்த பரப்பும் குறையும். தூரம் 50 முதல் 70 சென்ரிமீற்றர். அங்கிருந்து எழுத்துத் தெரியாவிட்டால் முன்னே குனியாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். வெளிச்சத்தை அளக்க, வெள்ளைக் கடதாசி ஒன்றைத் திரையருகே பிடியுங்கள். திரை விளக்குபோல எரிந்தால் கூடுதல், சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. கிழக்கு நோக்கிய யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் காலை முழுவதும் அது திரையில் விழுந்துகொண்டிருக்கும், அதனால் மேசையைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு கிழமை போயும் மாலையானால் நெற்றி வலிக்கிறது, வயதும் நாற்பதை நெருங்குகிறது என்றால், கண் கிளினிக்கில் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். திரை இருக்கும் தூரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். புத்தகத்துக்கு என்று 40 சென்ரிமீற்றரில் அளந்து தரும் வாசிப்புக் கண்ணாடி 65 சென்ரிமீற்றரில் இருக்கும் திரைக்குப் பொருந்தாது.